நான்கு கடைகள், இரண்டு அளவைகள்

ஒரு சந்தை எந்த அளவுக்குச் சில கடைகளின் கையில் குவிந்திருக்கிறது என்பதை, அதாவது அதன் செறிவை, அளக்க இரண்டு அளவைகளில் எதைத் தேர்வது? மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்றதொரு தோட்டப்புற நகரில் நான்கே மளிகைக் கடைகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் நான்கு கடைகளின் சந்தைப் பங்கை வெறுமனே கூட்டும் அளவைக்கு, ஒவ்வொன்றும் 25 விழுக்காடு விற்றாலும், ஒன்று மட்டும் 70 விழுக்காடும் மற்றவை பத்துப் பத்தும் விற்றாலும், விடை 100தான். பங்குகளை வர்க்கப்படுத்திக் கூட்டும் ஹெர்ஃபின்டால்–ஹிர்ஷ்மன் குறியீடோ முன்னதற்கு 2,500, பின்னதற்கு 5,200 என்று பிரித்துக் காட்டுகிறது. பெரிய கடை மட்டுமே அதில் 4,900 புள்ளிகளைத் தருகிறது. எனவே நான் இதையே தேர்வேன். (1,800ஐத் தாண்டினாலே மிகுந்த செறிவு என்கிறது 2023ஆம் ஆண்டின் அமெரிக்க நிறுவன இணைப்பு வழிகாட்டி.)

ஆயினும் சந்தையின் எல்லையை இக்குறியீடும் தானாக அறியாது. சம்பளம் வாங்கிய கையோடு மக்கள் அருகிலுள்ள ஈப்போ நகருக்குப் போய், மளிகைச் செலவில் பாதியை அங்குள்ள இரண்டு பேரங்காடிகளில் சமமாகச் செலவிட்டால், பெரிய கடையின் பங்கு 35 ஆகச் சுருங்கி, 5,200 என்பது 2,550 ஆகிவிடும்.