16 கிலோவா, 14.6 கிலோவா: கூரியரில் வந்த அப்பாவின் பெட்டியும் நான் எழுதிய கடிதமும்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார்: "உன் பெட்டியிலிருந்து சாமான் காணாமல் போனதே, இன்னும் அதே கூரியரில்தான் அனுப்புகிறாயா? நஷ்ட ஈடு கேட்டு என்ன எழுதினாய்?" ஃபோனில் சொல்லித் தீராது என்பதால் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆறு வருடமாக அவர்களிடம்தான் அனுப்புகிறேன், வாங்குகிறேன். சொன்ன நாளில் வந்துவிடும், கொண்டுவரும் தம்பிகளும் மரியாதையாகப் பேசுவார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் தவறு நடந்தது. அது அப்பாவின் பெட்டியில் நடந்தது.

அப்பா காலமான பிறகு வீட்டைக் காலி செய்த அக்கா, எனக்கென்று ஒரு பெட்டி கட்டி அனுப்பினார். அப்பாவின் ரேடியோ, ட்ரில் மெஷின், ஒரு ஸ்பானர் செட், ஆறு பீங்கான் தட்டுகள். பெட்டி வந்தபோது வெளியே கிழிசல் எதுவும் இல்லை. ஆனால் அக்கா பழுப்பு டேப்தான் ஒட்டியிருந்தார். மேல் மடிப்பில் மட்டும் அதன் மேல் ஒரு வெள்ளை டேப் ஓடியது. அதற்கு அடியில் பழுப்பு டேப் நீளவாக்கில் அறுந்திருந்தது. பிரிப்பதற்கு முன்பே அந்த மடிப்பைக் கிட்டத்தில் படம் எடுத்தேன். பெட்டியைத் தராசில் வைத்து, முள் தெரிகிற மாதிரி இன்னொரு படம். 11.5 கிலோ. கையெழுத்து வாங்கும் கருவியில் குறிப்பு எழுத இடமே இல்லை. அதனால் பெட்டியைக் கொண்டுவந்த தம்பி நிற்கும்போதே வாடிக்கையாளர் சேவைக்குப் படங்களை அனுப்பி, புகார் எண் வாங்கினேன். பிறகுதான் பிரித்தேன். ட்ரில் மெஷின் இல்லை, ஸ்பானர் செட் இல்லை. ரேடியோவின் மூடி ஒரு மூலையில் விரிசல், ட்யூனிங் குமிழின் தண்டு வளைந்திருந்தது. தட்டுகளில் மூன்று உடைந்திருந்தன.

இங்கேதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். அந்தப் புகார் மறுநாளே தானாக மூடப்பட்டுவிட்டது. "பார்சல் டெலிவரி ஆகிவிட்டது" என்பதுதான் காரணம். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார்கள். மொத்தம் நான்கு முறை. அப்புறம்தான் ஒன்று புரிந்தது. புகார் எண் வேறு, நஷ்ட ஈட்டுக் கோரிக்கை வேறு. "சாமான் காணவில்லை" என்று எத்தனை முறை சொன்னாலும் அது விசாரிப்பாகத்தான் பதிவாகும். எழுத்தில், பொருள் வாரியாக, இவ்வளவு தொகை வேண்டும் என்று கேட்டால்தான் அது கோரிக்கை. அதற்கு அவர்களுடைய நிபந்தனைகளில் ஒரு கெடு இருக்கும். புகார் திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். விமானத்தில் நாடு விட்டு நாடு வந்த பார்சல் என்றால், 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பார்சலைப் பெற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் சேதத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதில் ஈட்டின் உச்சவரம்பே கிலோ கணக்கில்தான்.

கிலோ என்றதும் என் தவறையும் சொல்லிவிட வேண்டும். முதல் கடிதத்தில், "பில்லில் 16 கிலோ, வந்தது 11.5 கிலோ, 4.5 கிலோ குறைகிறது" என்று எழுதிவிட்டேன். மறுநாளே பதில் வந்தது: காணவில்லை என்று நீங்கள் சொல்லும் பொருட்கள் அவ்வளவு எடை வராதே? அவர்கள் கேட்டது சரிதான். 16 என்பது கட்டண எடை. பெட்டி 50 × 40 × 40 சென்டிமீட்டர். பெருக்கினால் 80,000. அதை 5,000-ஆல் வகுத்தால் 16. பெட்டி அடைக்கும் இடத்துக்கான கணக்கு அது, உள்ளே இருக்கும் பாரத்துக்கானது இல்லை. உண்மை எடை அதே பில்லில் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: 14.6 கிலோ. அப்படியானால் குறைந்தது 3.1 கிலோ. அதே மாடல் ட்ரில்லின் எடை 1.8 கிலோ, ஸ்பானர் செட் 1.3 கிலோ. இரண்டையும் கூட்டினால் அதே 3.1.

அதனால் கடிதத்தைத் திருத்தி எழுதினேன். அதன் நடுப்பகுதி இது:

"முன்பதிவின்போது உண்மை எடை 14.6 கிலோ (இணைப்பு 1). பிரிக்கும் முன் என் வீட்டில் 11.5 கிலோ (படம் 3). குறைவு 3.1 கிலோ. காணாமல் போன ட்ரில் மெஷின், ஸ்பானர் செட் இரண்டின் எடையும் சேர்ந்து 3.1 கிலோ. மேல் மடிப்பில் அனுப்பியவரின் டேப் அறுக்கப்பட்டு, வேறு டேப் ஒட்டப்பட்டுள்ளது (படம் 1, 2). உங்கள் ஒவ்வொரு மையத்திலும் இந்தப் பெட்டிக்குப் பதிவான எடையைத் தெரிவிக்கக் கோருகிறேன். பெட்டியும் உள்ளிருந்த பேக்கிங்கும் அப்படியே உள்ளன. நேரில் வந்து பார்க்கலாம்."

ஒவ்வொரு மையத்திலும் பதிவான எடையைக் கேட்டதுதான் காரியத்தைச் சாதித்தது. பெரிய மையங்களில் பெட்டி பெல்ட்டில் போகும்போதே எடை பதிவாகிவிடும். முதல் மையத்தில் 14.6, இரண்டாவதில் 11.5 என்று அவர்களே எழுதி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு "வீட்டில் வைத்து எடுத்திருக்கலாமே" என்ற பேச்சு வரவில்லை. அந்த இரண்டு எண்களையும் மறைக்காமல் கொடுத்தார்களே, அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

முதல் வரைவில் அப்பாவைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு எடுக்கச் சொன்னார். "அதைப் படிக்கிறவருக்கு அந்த வரியை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாதுடா" என்றார். எடுத்துவிட்டேன். இன்னொன்று, ஒப்பந்தம் அனுப்பியவரோடுதான். அதனால் கோரிக்கையில் அக்காவின் கையெழுத்தும், தொகையை எனக்குத் தரலாம் என்ற அவருடைய சம்மதமும் தேவைப்பட்டன. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் போனது.

ஐந்தாம் நாள் ஒருவர் வந்து பெட்டியைப் பார்த்தார். தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி, ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்கவைத்திருந்ததைக் கவனித்தார். தட்டுகளை நிமிர்த்தி வைக்க வேண்டும், படுக்கவைத்தால் மேலே விழும் அடி அடித்தட்டு வரை இறங்கும் என்றார். அதைக் கேட்கக் கசப்பாக இருந்தது. ஆனாலும் தட்டுகளுக்கு ஈடு இல்லை என்ற முடிவை நான் எதிர்க்கவில்லை. ரேடியோவுக்கு அந்த பதில் பொருந்தாது. அது கனமான நுரை அட்டைக்குள் இருந்தது, விரிசல் விழுந்த மூலையில் வெளிப்பெட்டியும் நசுங்கியிருந்தது. இரண்டையும் ஒரே படத்தில் காட்டினேன். பழுதுபார்ப்பவர் எழுதிக்கொடுத்த மதிப்பீட்டில் பாதி கிடைத்தது. காணாமல் போன இரண்டுக்கும் முழுத்தொகை. பழைய பொருட்களுக்குப் பில் இல்லை, அதே மாடலின் இன்றைய விற்பனை விலையை இணைத்திருந்தேன். அக்கா முன்பதிவில் எழுதிய மதிப்பு வரைக்கும்தான் தருவோம் என்றார்கள். நல்லவேளை, அவர் குறைத்து எழுதவில்லை.

பணம் வர 41 நாள் ஆனது. கணக்குப் பார்த்தால் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். போன மாதம்கூட ஒரு பெட்டியை அவர்களிடமே அனுப்பினேன். மடிப்பு முழுக்கக் குறுக்கே கையெழுத்துப் போட்டு, தராசில் வைத்துப் படம் எடுத்து, பில்லில் உண்மை எடை எந்த வரியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஆனால் நண்பருக்குப் பரிந்துரைப்பேனா என்றால், மாட்டேன். ட்ரில் மெஷினின் கைப்பிடியில் அப்பா கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார். அது எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. நான்கு முறை மூடிய அந்தப் புகார் இன்னும் என் கணக்கில் "தீர்க்கப்பட்டது" என்றே காட்டுகிறது.