‘சாலையைச் சீரமைத்தல் உட்பட’: டெண்டரில் இதை எப்படி எழுதுவது?

குடிநீர்க் குழாய் பதிக்கும் டெண்டரில் குழாயைவிட, அதன்மேல் போடும் தாரால்தான் எனக்குத் தெரிந்து அதிகத் தகராறு. 3.5 மீட்டர் அகலச் சாலையில் 1,000 மீட்டர் நீளத்துக்கு 0.6 மீட்டர் அகலப் பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். பணி வரம்பில் “சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் உட்பட” என்று மட்டும் இருக்கிறது. பள்ளத்தை மட்டும் மூடினால் போதும் என்று படிப்பவருக்கு 600 சதுர மீட்டர். சாலை முழுக்கத் தார் போட வேண்டும் என்று படிப்பவருக்கு 3,500. இரண்டு பேர் படித்ததும் சரிதான். குறைந்த பரப்பாகப் படித்தவர் குறைந்த விலை போட்டு எல்1 ஆகிவிடுவார், சண்டை பில் போடும்போது வரும்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகளில் எழுதுகிறார்கள்.

முதல் வழி, ஒட்டுமொத்தத் தொகை கேட்டு, “வேலையை முழுமையாக முடிக்கத் தேவையான அனைத்தும்” என்று போட்டுவிடுவது. அலுவலகத்துக்கு இது பாதுகாப்பு மாதிரி தெரியும். உண்மையில் கவனமாகப் படிக்கிற ஒப்பந்ததாரர் பயத்துக்கு ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்வார், துணிந்தவர் சேர்க்கமாட்டார். வழக்கு என்று போனால், குழப்பமான வரியை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வாய்ப்புண்டு.

இரண்டாவது வழி, சீரமைப்பைத் தனி ஐட்டமாக்கி, அளக்கும் விதத்தையும் அங்கேயே எழுதுவது: “வரைபடத்தில் உள்ள பள்ள அகலத்துடன் இருபுறமும் 0.15 மீட்டர் சேர்த்துச் சதுர மீட்டரில் அளக்கப்படும். அதற்கு மேல் உடைந்ததை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.” அகலம் 0.9 மீட்டர், ஆக 900 சதுர மீட்டர். எல்லோரும் ஒரே அளவுக்கு விலை போடுவார்கள். ஆனால் அடியில் என்ன ஜல்லி, எத்தனை அடுக்கு, மேலே எவ்வளவு கனம் என்பதையும் சொல்லியாக வேண்டும். விட்டுப்போன அடுக்கு ‘எக்ஸ்ட்ரா ஐட்டம்’ என்று திரும்பி வரும்.

மூன்றாவது வழி, சேரும், சேராது என்று இரண்டு பட்டியல். வீட்டு இணைப்பு போன்றவற்றுக்கு இது ரொம்பப் பொருத்தம்: வேலை மீட்டர் வரையா, காம்பவுண்ட் சுவர் வரையா என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இரண்டு பட்டியலிலும் இல்லாத வேலைதான் இதில் ஓட்டை.

என்னைக் கேட்டால், சாலைக்கு இரண்டாவது, எல்லைகளுக்கு மூன்றாவது. முதல் வழியின் அந்த ‘அனைத்தும்’ என்ற சொல்லை எடுத்துவிடலாம். அது இருந்தால் மற்ற இரண்டும் தெளிவாக்கியதையும் மறுபடி குழப்பும்.

அப்புறம், விலை போடுவதற்கு முன் நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் யாராவது “எந்த அகலம்?” என்று கேட்டால் வாயால் பதில் சொல்லி விட்டுவிடக் கூடாது. அந்த வரியையே மாற்றி எழுதி, திருத்த அறிவிப்பாக எல்லோருக்கும் வெளியிட வேண்டும். டெண்டரை வெளியிடும் முன், மதிப்பீட்டில் கை வைக்காத இரண்டு பொறியாளர்களிடம் பணி வரம்பையும் வரைபடத்தையும் மட்டும் கொடுத்து, தார் பரப்பைத் தனித்தனியே கணக்கிடச் சொல்லுங்கள். ஒருவருக்கு 900, மற்றவருக்கு வேறு எண் என்றால் டெண்டர் இன்னும் தயாராகவில்லை.