‘வந்து’களை எண்ணிப் பார்த்த கதை: பேச்சு டிரான்ஸ்கிரிப்டை வைத்து வகுப்பு வீடியோக்களை அளந்த அனுபவம்

ஒரு பயிற்சி மையத்துக்கு வகுப்பு வீடியோ பதிவு செய்து, எடிட் செய்து கொடுப்பது என் வேலை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு பதிவையும் விஸ்பர் மென்பொருளில் போட்டு எழுத்தாக்கி, ‘வந்து’, ‘ம்ம்’ என்று பேச்சின் இடைவெளியை நிரப்பும் ஃபில்லர்களை ஆசிரியர் எத்தனை முறை சொல்கிறார், எவ்வளவு வேகமாகப் பேசுகிறார் என்று கணக்கெடுத்து வருகிறேன். பயனுள்ள கருவிதான். ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தவறான ஆளைத் திருத்திக்கொண்டிருப்போம்.

எங்களிடம் இயற்பியல் எடுப்பவர்கள் இரண்டு பேர். ஓம் விதிப் பாடத்தை இருவரும் பன்னிரண்டு நிமிட வீடியோவாகத் தனித்தனியே எடுத்திருந்தார்கள். யூடியூப் ஸ்டூடியோவில் ஐந்தாவது நிமிடத்தில் பார்த்தால் மேடத்தின் வீடியோவில் பாதிப் பேர் இருக்கிறார்கள், சாருடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிர்வாகிக்கோ வேறு கவலை. “மேடம் வாய்க்கு வாய் ‘வந்து, வந்து’ன்னு சொல்றாங்க, கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க” என்றார். அப்படியானால் கூட்டம் ஏன் அவரிடம் நிற்கிறது?

விஸ்பரை இப்படி ஓட்டினேன்:

```
whisper ohm.wav --model large-v2 --language ta \
  --word_timestamps True --output_format json \
  --initial_prompt "ம்ம்... அது வந்து... ஆங்... அதாவது..."
```

கடைசி வரி முக்கியம். அது இல்லாவிட்டால் விஸ்பர் ‘ம்ம்’, ‘ஆ’ போன்றவற்றைப் பெரும்பாலும் தானாகவே விழுங்கிவிடும். திணறிப் பேசுபவர்கூட ஆற்றொழுக்காகப் பேசியதுபோல் எழுத்தில் வந்து நிற்பார். முன்மாதிரியாக நாலு ஃபில்லரைக் கொடுத்தால் இவையும் எழுத வேண்டியவைதான் என்று பிடித்துக்கொள்கிறது. ஆனால் அந்த முன்மாதிரி நேரடியாகப் போய்ச் சேர்வது முதல் முப்பது விநாடித் துண்டுக்கு மட்டும். அதன்பின் விஸ்பர் தான் எழுதியதையே பார்த்துத் தொடர்கிறது, போகப் போகப் பழைய குணம் திரும்பிவிடுகிறது. கணக்கைப் பார்த்தால் எல்லா ஆசிரியரும் தொடக்கத்தில் தடுமாறி அப்புறம் சீராகிவிட்டதுபோல் தெரியும். உங்கள் கணக்கிலும் எல்லோருக்கும் இதே வடிவம் வந்தால் சந்தேகப்படுங்கள். ஒலியை மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அதே முன்மாதிரியைக் கொடுப்பது என் வழி. அதோடு நடுவிலிருந்து இரண்டு நிமிடத்தைக் காதால் கேட்டு, கையால் எண்ணி ஒப்பிடுவேன். இது சலிப்பான வேலை, ஆனாலும் விட முடியவில்லை.

‘வந்து’வை இயந்திரமே பிரித்தறியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். “மின்னோட்டம் இந்தப் பக்கமா வந்து பிரியுது” என்பதில் அது வினை. “மின்தடைங்கறது வந்து...” என்பதில் வெறும் நிரப்பி. தேடி எடுத்து, முன்னும் பின்னும் நாலு சொல்லோடு பட்டியல் போட்டு, கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ‘அதாவது’, ‘அப்போ’ எல்லாம் இதே கதைதான்.

வேகத்துக்கு வருவோம். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. ‘போய்க்கொண்டிருக்கும்போது’ ஒரு சொல், ‘அது ஏன் அப்படி’ மூன்று சொல். ஆனால் புள்ளி எழுத்தை விட்டு எண்ணினால் முதலாவது 7, இரண்டாவது 6. கட்டளைக் கலித்துறைக்கு ஒற்று நீக்கி எழுத்து எண்ணுவார்கள் அல்லவா, அதே முறை இங்கே அப்படியே உதவுகிறது. புள்ளியில்லாத ஒவ்வோர் எழுத்திலும் ஓர் உயிரொலி இருப்பதால், அந்த எண்ணிக்கை வாய் அசைந்த அளவுக்கு நெருக்கமாக வருகிறது.

```python
import re
def ezhuththu(s):
    return len(re.findall(r'[அ-ஔக-ஹ](?!்)', s))
```

இதில் ஒரு பொறி உண்டு. ஆசிரியர் “இருநூத்தி இருபது” என்று வாயால் சொன்னதை விஸ்பர் 220 என்று எழுதினால் எட்டு எழுத்து காணாமல் போகிறது. கணக்குப் போடும் பகுதிகளில் எல்லோரும் திடீரென்று நிதானமாகிவிட்டதுபோல் தெரிந்தால் காரணம் இதுதான். ஆங்கில எழுத்தில் விழும் சொற்களும் இப்படியே விடுபடும். இரண்டையும் தமிழ் எழுத்தில் மாற்றி எழுதிவிட்டு எண்ணுகிறேன்.

இடைவெளிகளை விஸ்பரின் நேரக்குறிப்பை நம்பி அளக்கக் கூடாது. மௌனத்தை அது பக்கத்துச் சொல்லோடு ஒட்டிவிடும். ஒரு ‘வந்து’ ஒன்றேமுக்கால் விநாடி நீண்டிருந்தால், உள்ளே மௌனம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். ஒலியிலிருந்தே எடுப்பது மேல்:

```
ffmpeg -i ohm.wav -af silencedetect=noise=-35dB:d=0.25 -f null -
```

கால் விநாடிக்குக் குறைந்ததை விடுவது பேச்சு ஆய்வில் நெடுநாள் வழக்கம். அறையில் மின்விசிறி ஓடினால் -35 போதாது, மௌனமே இல்லை என்று சொல்லும். -28 வரை ஏற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, அந்த இருவர் விஷயம். கையால் சரிபார்த்த பிறகு மேடத்துக்கு நிமிடத்துக்கு ஒன்பது ஃபில்லர், சாருக்கு நாலு. சராசரி வேகம் இருவருக்கும் கிட்டத்தட்ட நிமிடத்துக்கு 300 எழுத்து. இதோடு நிறுத்தியிருந்தால் சார்தான் நல்ல பேச்சாளர் என்று அறிக்கை எழுதியிருக்கலாம்.

இருபது விநாடிக்கு ஒரு முறை வேகத்தை வரைந்தபோது வேறு படம் வந்தது. சாருடையது 290க்கும் 320க்கும் நடுவே நேர்கோடு மாதிரி. மேடம் போன வகுப்பை நினைவூட்டும்போது 380ஐத் தொடுகிறார், விதியைச் சொல்லும் இடத்தில் 220க்கு இறங்குகிறார். எந்த வரி முக்கியம் என்பது நோட்டில் எழுதாமலே மாணவருக்குத் தெரிந்துவிடும்.

ஃபில்லர் விழும் இடமும் வேறு. மேடத்துடையவை பெரும்பாலும் வாக்கியத்தின் வாசலில்: “சரி, இப்போ வந்து, வோல்டேஜை ரெண்டு மடங்காக்குறோம். கரண்ட் என்ன ஆகும்?” அப்புறம் இரண்டு விநாடி மௌனம். சாருடையவை வாக்கியத்தின் வயிற்றில்: “கடத்தியோட இந்த... வந்து... மின்தடை மாறாம இருந்தா.” எந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறோமோ அதற்கு முன்னால் கேட்பவரை நிறுத்திவைக்கிறார். அவருடைய நீண்ட மௌனங்களோ, பலகையில் எழுதும்போது பாதி வாக்கியத்தில் விழுந்தவை.

ஃபில்லர் என்றாலே கெடுதல் என்பதற்கு ஆய்வும் ஆதரவாக இல்லை. ஃப்ராண்டார்ஃப், வாட்சன் இருவரும் 2011இல் வெளியிட்ட சோதனையில், கதையில் ஃபில்லர் இருந்தபோது கேட்டவர்களுக்கு அது நன்றாகவே நினைவில் நின்றது. அதே நீளத்துக்கு இருமலை வைத்தபோது நினைவு குறைந்தது. அங்கே இருந்தது கதை, நம்முடையது பாடம் என்ற வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது.

இதையெல்லாம் வைத்து மேடத்தின் வெற்றிக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். சார் வரையறையோடு தொடங்குகிறார், மேடம் ஃபியூஸ் போன வீட்டோடு தொடங்குகிறார். முதல் நிமிடத்தில் போனவர்களுக்கு அதுவே காரணமாக இருக்கலாம், அதை டிரான்ஸ்கிரிப்ட் எண்ணிக்கை காட்டாது. ஆனால் நாலாவது நிமிடத்துக்கு மேல் சாருடைய யூடியூப் வரைபடத்தில் பார்ப்பவர்கள் குறையும் சரிவுகள் பல, பாதி வாக்கியத்தில் நிற்கும் இடங்களோடு ஒத்துப்போகின்றன.

இப்போது ஆசிரியர்களிடம் எண்ணிக்கை கொடுப்பதில்லை. நேரக்குறிப்போடு ஐந்தாறு வாக்கியங்களை மட்டும் கொடுக்கிறேன். மேடத்திடம் ‘வந்து’வைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாரிடம் இரண்டு மாற்றம் கேட்டேன்: எழுதி முடித்துவிட்டுப் பேசுங்கள், கேள்வி கேட்டால் இரண்டு விநாடி விடுங்கள். “ரெண்டு செகண்ட் சும்மா நின்னா, சாருக்கு மறந்துபோச்சுன்னு நினைப்பாங்கய்யா” என்றார். முதல் மாற்றத்தை உடனே செய்துவிட்டார். இரண்டாவதில் இன்னும் முக்கால் விநாடியைத் தாண்டவில்லை.