முழு ஆடா, வெட்டிய கறியா: கணக்கை முடிவு செய்வது எலும்புதான்

சிங்கப்பூரில் ஒரு காப்பிக்கடைக்குள் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. ஆட்டுக்கறிக் குழம்பு, சுக்கா, மிளகு சாப்ஸ் எல்லாம் தினமும் உண்டு. வெள்ளிக்கிழமை பிரியாணி. முதல் மூன்று வருடம் தேக்கா சந்தையிலிருந்து வெட்டிய கறியைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டு வருடமாக வாரம் ஒரு முழு ஆடு வாங்கி நாங்களே பிரிக்கிறோம். என் சாய்வு முழு ஆட்டின் பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது நிறைவேறாத சமையலறையில் முழு ஆடு நஷ்டம்.

கோழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோழியில் இந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை. இரண்டு கிலோ கோழியைப் பிரிக்க மூன்று நிமிடம் போதும். மூட்டுகள் கத்தி முனைக்கே வழிவிடும், முதுகும் கழுத்தும் ரசத்துக்கோ சூப்புக்கோ போய்விடும். கேட்டால் கடைக்காரரே வெட்டியும் கொடுப்பார். நான் முழுக்கோழியாகத்தான் வாங்குகிறேன், வெட்டும் வேலையை மட்டும் கடையில் விட்டுவிடுகிறேன். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது எங்களைப் போன்ற பலர் உறைந்த கோழிக்கு மாறினோம். உறைநீர் வடிந்த பிறகு எடை பார்க்கும் பழக்கம் எனக்கு அப்போதுதான் வந்தது.

ஆடு அப்படியில்லை. இங்கே நான் வாங்குவது ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் குளிரூட்டிய வெள்ளாடு. தலை, தோல், குடல் இல்லாமல், சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்போடு வரும். விலை வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், கணக்கு எளிதாக இருக்க ஆடு 15 கிலோ, கிலோ 15 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 225 வெள்ளி. விகிதங்கள் மட்டும் என் தராசில் பல வாரம் பார்த்தவை.

15 கிலோவில் பின் தொடை இரண்டும் சேர்ந்து 4.6 கிலோ வரும். முன்கால் இரண்டும் 3.9, முதுகுச் சாப்ஸ் 2.5, நெஞ்சும் அடிவயிற்றுத் தசையும் 1.9, கழுத்து 1.2. மீதி 0.9 கிலோ கொழுப்பு, சவ்வு, நிணநீர்க் கட்டிகள், வடிநீர். அது குப்பை. ஆக, கைக்கு வருவது 14.1 கிலோ. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 16 வெள்ளி.

பலர் இந்த 16 வெள்ளியோடு நின்றுவிடுகிறார்கள். நானும் முதல் மாதம் அப்படித்தான் நின்றேன். சுக்காவுக்கு எலும்பில்லாத தொடைக்கறி போடுகிறேன், அதற்கும் கிலோ 16 என்று எழுதி விலை வைத்தேன். மாதக் கடைசியில் கையில் காசு நிற்கவில்லை. தொடையை எலும்பு நீக்கி நிறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 4.6 கிலோ தொடையில் கறி 3.2 கிலோதான். எலும்பு 1.2, சவ்வும் கொழுப்பும் 0.2. தொடைக்குக் கொடுத்தது 69 வெள்ளி. எலும்பைத் தூக்கிப் போட்டால் சுக்காக்கறி கிலோ ஏறக்குறைய 21.50 வெள்ளி. அடுப்பில் அது மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். 150 கிராம் பச்சைக்கறி தட்டில் 100 கிராம்தான்.

இப்போது வெட்டிய கறியை எதிரே வைப்போம். எங்கள் கடைக்காரர் விலையில் எலும்புள்ள குழம்புக்கறி கிலோ 19, எலும்பில்லாத தொடை 26, சாப்ஸ் 22, நெஞ்சு 14, சூப் எலும்பு 5 வெள்ளி. முழு ஆட்டிலிருந்து எனக்குக் கிடைப்பதை இந்த விலைக்கு வாங்கினால் தொடைக்கறி 83.20, முன்காலும் கழுத்தும் 96.90, சாப்ஸ் 55, நெஞ்சு 26.60, எலும்பு 6. கூட்டினால் 267.70 வெள்ளி. ஆட்டுக்குக் கொடுத்தது 225. மிச்சம் 42.70.

இதிலிருந்து கூலியைக் கழிக்க வேண்டும். இப்போது ஒரு ஆட்டைப் பிரித்து, நிறுத்து, பலகை கழுவி முடிக்க எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. மணிக்கு 12 வெள்ளி வைத்தால் 15. ஆக, மிச்சம் 27.70. தொடக்கத்தில் இரண்டு மணி நேரம் ஆனது, அப்போது மிச்சம் 18.70தான். உங்கள் நேரத்துக்குக் கூலி போடாமல் கணக்கு எழுதினால் முழு ஆடு எப்போதும் ஜெயிக்கும். அந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

இனி நிபந்தனைக்கு வருகிறேன். மேலே உள்ள கூட்டலில் நெஞ்சும் எலும்பும் சேர்ந்து 32.60 வெள்ளி. உங்கள் கடையில் சூப் இல்லை, நெஞ்சுக்கறியைக் கேட்பவரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீங்கள் வெட்டிய கறியாக வாங்கியிருக்கக் கூடியது 235.10 வெள்ளிக்குத்தான். ஆட்டுக்குக் கொடுத்தது 225. பத்து வெள்ளி மிச்சம், கூலி 15. வாரத்துக்கு ஐந்து வெள்ளி நஷ்டத்தோடு ஒன்றேகால் மணி நேரம் கத்தி பிடித்திருப்பீர்கள். ஆடு அதே ஆடு, விலை அதே விலை. மாறியது எலும்புக்கு ஓர் அடுப்பு இருக்கிறதா என்பது மட்டும்.

எங்கள் கடையில் முதல் ஆறு வாரம் நெஞ்சும் எலும்பும் உறைபெட்டியில் சேர்ந்துகொண்டே போயின. ஒரு நாள் கதவு மூடவில்லை. அன்று மாமியார்தான் சொன்னார்: "இதை வச்சிருந்து என்ன செய்யப் போறே? வெளியில போர்டு எழுது, சூப் போடுவோம்." நெஞ்சும் எலும்பும் சேர்ந்து 3.1 கிலோ. கிண்ணத்துக்கு 250 கிராம் என்று பன்னிரண்டு கிண்ணம் வருகிறது. சோம்பு, மிளகு, மல்லி வறுத்துப் பொடித்து, நான்கு மணி நேரம் சிறு தீயில். கிண்ணம் ஐந்து வெள்ளி. புதன், வியாழன் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் முழு ஆடு எங்களுக்கு லாபமாயிற்று.

எலும்பின் இன்னொரு முகம், ஆட்டின் உடற்கட்டு. ஒரு ஆட்டுக்கு 3.2 கிலோ சுக்காக்கறிதான். சுக்கா நன்றாகப் போகிறது, ஆறு கிலோ வேண்டும் என்றால் இரண்டு ஆடு வாங்கத் தோன்றும். வாங்கினால் ஏழே முக்கால் கிலோ முன்காலும் ஆறு கிலோ நெஞ்சும் எலும்பும் கூடவே வந்து நிற்கும். அதனால் ஒரு ஆட்டுக்கு மேல் தேவைப்படுவதை நான் வெட்டிய தொடையாக வாங்கிக்கொள்கிறேன். கிலோ 26 கொடுக்க மனம் வராது, ஆனாலும் அதுதான் மலிவு.

பிரிப்பது பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த கறிக்கடை அண்ணன், முன்காலைத் தூக்கிப் பிடித்து அக்குளில் கத்தியை வைத்தார். "தம்பி, எலும்பைத் தேடாதே, சவ்வைத் தேடு," என்றார். முன்கால் உடம்போடு மூட்டால் இணையவில்லை, தோள்பட்டை எலும்புக்கும் விலாவுக்கும் நடுவே தசைதான் இருக்கிறது. காலை வெளியே இழுத்தபடி வெள்ளைச் சவ்வின் வழியே கத்தியை நடத்தினால் எலும்பில் ஒரு கீறல் இல்லாமல் கழன்றுவிடும். பின் தொடையில் பந்துக்கிண்ண மூட்டைத் தேடி, காலைப் பின்னுக்கு வளைத்தால் மூட்டு வாய் திறக்கும். அங்கே ஒரே வெட்டு. தொடையின் பின்புறத் தசைகளுக்கு நடுவே கொழுப்புக்குள் ஒரு சாம்பல் நிறக் கட்டி இருக்கும், முன்காலின் முன்பக்கமும் ஒன்று. இரண்டையும் எடுத்துவிடுங்கள். விட்டால் குழம்பில் கசப்பும் கவிச்சியும் வரும்.

தவறு நடக்கும் இடம் குழம்புத் துண்டு போடும்போதுதான். கனமான கத்தியால் நடு எலும்பில் ஓங்கிப் போட்டால் சிதறி, ஊசி போன்ற சில்லுகள் கறியில் ஒட்டிக்கொள்ளும். பிரியாணியில் அது வாடிக்கையாளர் பல்லில் படும். மூட்டில் வெட்ட முடிந்ததை மூட்டில் வெட்டுகிறேன். முன்காலின் நல்லி எலும்பையும் கழுத்தையும் கறிக்கடையிலேயே ரம்பத்தில் அறுத்துத் தரச் சொல்லிவிடுகிறேன், அதற்குக் கடைக்காரர் தனியாகக் காசு கேட்பதில்லை. சமையலறைக்கு வந்ததும் துண்டுகளை விரலால் தடவிப் பார்த்த பிறகே பாத்திரத்தில் போடுவேன்.

இடம் இன்னொரு வரம்பு. முழு ஆட்டையும் மேசையில் பரப்பி ஒன்றேகால் மணி நேரம் வைக்க இந்த ஊர் வெப்பம் விடாது. பாதி உடம்பு குளிர்பெட்டியில் இருக்க, மறுபாதியைப் பிரிக்கிறேன். குளிர்பெட்டியில் ஆடு தொங்கவோ படுக்கவோ இடம் இல்லாதவர்கள் யோசிக்காமல் வெட்டிய கறிக்கே போகலாம்.

வாங்கும்போது விலா எலும்பைப் பார்ப்பேன். சிவப்பேறிக் குறுகி இருந்தால் இளசு, வெளுத்து அகன்றிருந்தால் முற்றல். முற்றலில் சவ்வு கூடும், தொடைக்கறி 3.2 கிலோ வராது. செம்மறியில் கொழுப்பு அதிகம், குப்பையும் அதிகம். நான் செம்மறி பிரித்தது இரண்டே முறை என்பதால் அதற்கு இந்த விகிதங்களை வைக்க வேண்டாம்.

மூன்றாவதாக உறைந்த எலும்பில்லாத கறி இருக்கிறது. விலை குறைவு, வேலை இல்லை. நான்கு மாதம்தான் வாங்கினேன், அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஐந்து கிலோப் பொட்டலம் இளகியபோது 350 கிராம் நீர் வடிந்தது, அதாவது வாங்கிய விலையை 4.65 கிலோவால் வகுக்க வேண்டும். கொத்துக்கறிக்கு அது போதும் என்று தோன்றியது. சுக்காவில் வாணலியில் நீர் விட்டுக்கொண்டே இருந்தது, வறுபட நேரம் எடுத்தது.

இப்போது எங்கள் வாரம் இப்படி ஓடுகிறது. செவ்வாய் மாலை ஒரு ஆடு வரும், அன்றிரவே பிரித்துவிடுவேன். நெஞ்சும் எலும்பும் புதன் காலை ஆறு மணிக்கு அடுப்பில். தொடை சுக்காவுக்கு, கழுத்தும் முன்காலில் பாதியும் குழம்புக்கு, மீதி முன்கால் வெள்ளிக்கிழமைப் பிரியாணிக்கு. பிரியாணிக்குப் போதாததை வியாழன் மாலை தேக்காவில் எலும்புள்ள கறியாக இரண்டு கிலோ வாங்கிக்கொள்கிறேன்.