ஒரு பைசா காணாமல் போனதும் சாட்பாட் எழுதிய டெஸ்டுகளும்: ஒன்றரை வருட அனுபவம்

கல்விக் கட்டணம் வசூலிக்கும் ஒரு மென்பொருளில் வேலை பார்க்கிறேன். பைத்தான்தான். ஒன்றரை வருடமாக யூனிட் டெஸ்ட் எழுதும் வேலையில் பெரும்பகுதியைச் சாட்பாட்டிடம் கொடுத்துவருகிறேன். எந்த சாட்பாட் என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், இந்த விஷயத்தில் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

முதல் மாதம் சொர்க்கம் மாதிரி இருந்தது. ஃபங்ஷனை ஒட்டி, "இதற்கு டெஸ்ட் எழுது" என்றால் பத்து நொடியில் பன்னிரண்டு டெஸ்ட். ஓடவிட்டால் எல்லாம் பச்சை, கவரேஜ் 100. இரண்டாவது மாதம் கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டார். "தம்பி, மூணு தவணையும் கட்டின பையனுக்கு ஒரு பைசா பாக்கின்னு காட்டுது. ரசீதே வர மாட்டேங்குது."

கட்டணம் 25,000 ரூபாய், மூன்று தவணை. எங்கள் ஃபங்ஷன் எல்லாவற்றையும் பைசாவில் கணக்கிடும்:

```python
def split_fee(total, n):
    base = total // n
    return [base] * n
```

25,00,000 பைசாவை மூன்றால் வகுத்தால் தவணைக்கு 8,33,333. மூன்றையும் கூட்டினால் 24,99,999. ஒரு பைசா வகுத்தலிலேயே விழுந்துவிட்டது. இப்படி எழுதியது நான், அதில் சாட்பாட்டுக்குப் பங்கில்லை. ஆனால் இதற்கு அது எழுதிய பன்னிரண்டு டெஸ்டுகளில் ஒன்றைத் திறந்து பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது:

```python
def test_uneven_split():
    # remainder is dropped
    assert split_fee(2500000, 3) == [833333] * 3
```

பிழையைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது! கண்டுபிடித்து, அதுதான் சரியான விடை என்று முத்திரையும் குத்திவிட்டது. நாளைக்கு யாராவது இந்த ஃபங்ஷனைச் சரிசெய்தால் இந்த டெஸ்ட் சிவப்பாகி, "நீ செய்தது தப்பு" என்று சொல்லும்.

காரணம் எளிது. நான் அதன் கையில் கொடுத்தது கோடு மட்டும்தான். பணம் எப்படிப் பிரிய வேண்டும் என்பது என் தலையில் இருந்தது, அக்காவின் தலையில் இருந்தது, ஒட்டிய அந்த மூன்று வரியில் இல்லை. கோடு என்ன செய்கிறதோ அதையே எதிர்பார்ப்பாக எழுதுவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. இதன் இன்னொரு வடிவமும் அடிக்கடி வரும்: டெஸ்டுக்குள் `expected = [total // n] * n` என்று ஃபங்ஷனையே நகலெடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிடும். கண்ணாடி முன்னால் நின்று நெற்றிப் பொட்டு நேராக இருக்கிறதா என்று கண்ணாடியிலிருக்கும் ஆளிடமே கேட்பது மாதிரி.

அன்றிலிருந்து ஃபங்ஷனின் உடலை ஒட்டுவதை நிறுத்திவிட்டேன். பெயர், அது வாங்கும் மதிப்புகள், விதி, இவ்வளவுதான் கொடுப்பேன்: "தொகை பைசாவில் முழு எண். தவணைகளின் கூட்டுத்தொகை மொத்தத்துக்குச் சமம். மீதிப் பைசா முதல் தவணைகளில் ஒவ்வொன்றாகச் சேரும்." இப்படிக் கேட்டதும் முதல் முயற்சியிலேயே `assert sum(split_fee(2500000, 3)) == 2500000` வந்தது. பழைய ஃபங்ஷனில் ஓட்டினேன், சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். பிறகு ஃபங்ஷனை மாற்றினேன்:

```python
def split_fee(total, n):
    base, extra = total // n, total % n
    return [base + 1 if i < extra else base for i in range(n)]
```

இதோடு முடியவில்லை. அந்தக் கூட்டுத்தொகை டெஸ்டை ஏமாற்ற முடியுமா என்று யோசித்தேன். முதல் தவணையில் மொத்தத் தொகையையும் போட்டுவிட்டு மற்றவற்றைச் சுழியமாக்கும் ஃபங்ஷன் ஒன்றை வேண்டுமென்றே எழுதி ஓட்டினேன். பச்சை. 25,000-ஐயும் முதல் மாதமே கட்டச் சொன்னாலும் அந்த டெஸ்டுக்குச் சம்மதம்தான். பெரிய தவணைக்கும் சிறிய தவணைக்கும் ஒரு பைசாவுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது என்ற விதியை நான் சொல்லவே இல்லை, எனக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயமாகத் தெரிந்திருந்தது. அதையும் சேர்த்தேன். கூடவே, காகிதத்தில் நானே வகுத்துப் பார்த்த ஒரு விடையையும் அப்படியே எழுதிவைத்தேன்: `[833334, 833333, 833333]`. மீதி முதலில் சேர்கிறதா கடைசியில் சேர்கிறதா என்பதை இந்த ஒரு வரிதான் பிடிக்கும்.

இப்போது என் வழக்கம் இதுதான். சாட்பாட் டெஸ்ட் தந்ததும், ஃபங்ஷனில் ஏதாவது ஒன்றைக் கெடுத்துப் பார்ப்பேன். மேலே உள்ளதில் `+ 1` என்பதை அழித்தேன். அப்போது கையிலிருந்த வேறொரு டெஸ்டுத் தொகுப்பில் 24,000 ரூபாய் மூன்று தவணை, பட்டியலின் நீளம் 3, எல்லாம் முழு எண் என்று ஆறு டெஸ்ட் இருந்தன. ஆறும் பச்சை. 24,000 மூன்றால் மீதியின்றி வகுபடும், அதனால் அந்த `+ 1` வேலை செய்யும் சந்தர்ப்பமே வரவில்லை. கவரேஜ் என்னவோ 100 தான், அந்த வரி ஓடியதல்லவா. வரி ஓடியதா என்று மட்டும்தான் கவரேஜ் பார்க்கும், ஓடி வந்த விடையை யாராவது சோதித்தார்களா என்று பார்க்காது.

இந்தக் கெடுக்கும் வேலையைத் தானாகச் செய்ய `mutmut` என்ற கருவி இருக்கிறது. `<` ஐ `<=` ஆக்கும், கூட்டலைக் கழித்தலாக்கும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டை ஓட்டி எது பிடிபடாமல் தப்பியது என்று சொல்லும். நல்ல கருவி, பணம் தொடும் கோடுகளுக்கு மட்டும் ஓட்டுகிறேன், மற்றவற்றுக்குப் பொறுமை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். முதலில் சொன்ன அந்தக் கண்ணாடி டெஸ்ட் இந்தக் கருவியிடம் முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஃபங்ஷனைக் கெடுத்தால் டெஸ்டுக்குள் இருக்கும் நகலோடு ஒத்துப்போகாது, உடனே சிவப்பாகும். நகலே தப்பு என்பது கருவிக்குத் தெரியாது. சோம்பேறி டெஸ்டைக் கருவி பிடிக்கும், பொய் டெஸ்டை விதி தெரிந்த ஆள்தான் பிடிக்க வேண்டும்.

இன்னும் தொல்லை தரும் ஒரு பழக்கம்: டெஸ்ட் சிவப்பு என்று பிழைச்செய்தியை ஒட்டினால், பல நேரம் எதிர்பார்ப்பு எண்ணை மாற்றிப் பச்சையாக்கித் தந்துவிடும். "எந்தப் பக்கம் தப்பு என்று மட்டும் சொல், எதையும் மாற்றாதே" என்று இப்போதெல்லாம் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். அப்படியும் சில தடவை மாற்றத்தான் செய்கிறது. தவணை எண்ணிக்கை சுழியமானால் என்ன என்று கேட்டதற்கு `pytest.raises(ZeroDivisionError)` என்று எழுதித் தந்ததும் இதே ரகம். அது நாங்கள் வைத்த விதி அல்ல, யாரும் யோசிக்காததால் பைத்தான் போட்ட கூச்சல். அங்கே `ValueError` வர வேண்டும் என்று முடிவு செய்து ஃபங்ஷனில் சேர்த்தோம்.

பன்னிரண்டு தந்தால் நான்கைந்து வைத்துக்கொள்கிறேன், மிச்சம் குப்பைக்கு. அப்படியும் ஏன் விடவில்லை என்றால், நான் யோசிக்காததை அது கேட்கும். போன மாதம் மைனஸ் தொகைக்கு ஒரு டெஸ்ட் எழுதியிருந்தது. சேர்க்கை ரத்தானால் பணம் திருப்பித் தருவோமே, அது மைனஸாகத்தான் வரும். பைத்தானில் `-1000 // 3` என்பது -334, மீதி 2. ஆக ஃபங்ஷன் -333, -333, -334 என்று தருகிறது. கூட்டுத்தொகை சரி, ஆனால் கூடுதல் பைசா கடைசித் தவணைக்குப் போய்விட்டது. இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டேன். "திருப்பித் தர்றதை யாரு தவணையில தருவாங்க? ஒரே செக்குதான்" என்றார். அந்த டெஸ்டை அழித்துவிட்டு, மைனஸ் வந்தால் ஃபங்ஷன் மறுக்க வேண்டும் என்று வேறொன்று எழுதினேன்.