முன்பக்கப் போட்டோவைப் பார்த்து ஏசி எத்தனை டன் என்று சொல்ல முடியுமா?

இந்த மே மாதம் ஸ்ரீரங்கம் போவதற்கு முன்பே அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மாடி அறை ஏசியின் இண்டோர் யூனிட். "ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் அறை குளிரவே மாட்டேங்குது. கடைக்காரர் இந்தப் போட்டோவைப் பார்த்துட்டு, இது ஒரு டன், தூக்கிப் போட்டுட்டு ரெண்டு டன் ஃபைவ் ஸ்டார் வாங்கிடுங்கன்னு சொல்றார்" என்றார்.

போட்டோவில் தெரிந்தது வெள்ளைப் பேனலும் கம்பெனி பெயரும் மட்டும்தான். பல கம்பெனிகள் ஒரு டன்னுக்கும் ஒன்றரை டன்னுக்கும் ஒரே உடம்பைத்தான் போடுகின்றன. அதனால் முன்பக்கத்தைப் பார்த்து டன் சொல்வது ஊகம்தான். ரெண்டு டன் என்றால் யூனிட் பெரும்பாலும் நீளமாக இருக்கும், அவ்வளவுதான் சொல்லலாம். கடைக்காரர் அறையையும் பார்க்கவில்லை, அதன் அளவையும் கேட்கவில்லை.

வேண்டியது யூனிட்டின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டியிருக்கும் வெள்ளி நிற ஸ்டிக்கர். நாற்காலி போட்டு ஏறி அதைப் போட்டோ எடுக்கும்படி பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லச் சொன்னேன். வந்த படத்தில் இரண்டு வாட் கணக்கு இருந்தது. கூலிங் கெபாசிட்டி 3,500 வாட், பவர் இன்புட் 1,080 வாட். முதலாவது அறையிலிருந்து வெளியே தள்ளும் வெப்பம், இரண்டாவது இழுக்கும் கரண்ட். பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு டன் என்பது ஏறத்தாழ 3,500 வாட் கூலிங், அதாவது மணிக்கு 12,000 பிடியு. ஆக இது ஒரு டன்தான், கடைக்காரர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் அது தெரிந்தது ஸ்டிக்கரிலிருந்து.

ஸ்டிக்கரில் எழுத்து அழிந்திருந்தால் மாடல் நம்பர் உதவும். அதில் 12 இருந்தால் பெரும்பாலும் ஒரு டன், 18 என்றால் ஒன்றரை, 24 என்றால் இரண்டு. இவை ஆயிரம் பிடியு கணக்கு. சில ஜப்பானியக் கம்பெனிகள் 35, 50 என்று கிலோவாட்டை வைத்து எழுதும். 50 என்றால் 5 கிலோவாட், கிட்டத்தட்ட ஒன்றரை டன். இண்டோருக்கும் அவுட்டோருக்கும் மாடல் நம்பர் வேறாக இருக்கும், எனவே இரண்டையும் படமெடுங்கள். என்ன கேஸ் போட்டிருக்கிறார்கள் என்பது அவுட்டோர் ஸ்டிக்கரில் இருக்கும், ஆனால் வெயிலில் அதுதான் முதலில் வெளிறிப்போகும்.

சரி, ஒரு டன் போதவில்லையா, இல்லை ஏசிக்கே கோளாறா? இதைப் பிரிக்காமல் புதிதாக வாங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முதலில் வந்த சர்வீஸ்காரர் மூடியைக்கூடத் திறக்காமல் "கேஸ் குறைஞ்சிருக்கு" என்றார். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. எங்காவது லீக் இருந்தால்தான் குறையும், அப்படியானால் லீக்கை அடைக்காமல் நிரப்புவது வீண். அவரை அனுப்பிவிட்டேன்.

அப்புறம் வந்த மெக்கானிக் தம்பி நல்ல வேலைக்காரர். முதலில் தெர்மாமீட்டரை மேலே காற்று உள்ளே போகிற இடத்தில் வைத்தார். 31 டிகிரி. பிறகு கீழே காற்று வெளிவருகிற இடத்தில், 24. வித்தியாசம் 7 தான். "அக்கா, பத்துக்கு மேல வரணும். முதல்ல கழுவிப் பார்ப்போம்" என்று இண்டோர் காயிலையும் அவுட்டோரையும் தண்ணீர் பம்பு வைத்துக் கழுவினார். வழிந்து வந்த தண்ணீர் கறுப்பாக இருந்தது. கழுவிக் காய்ந்த பின் 30-க்கு 19 வந்தது. வித்தியாசம் 11, அதாவது கேஸும் கம்ப்ரஸரும் நலம். கேஸ் நிஜமாகவே குறைந்திருந்தால் கழுவிய பிறகும் வித்தியாசம் ஏறியிருக்காது, செம்புக் குழாயில் பனிக்கட்டி பிடிப்பதும் உண்டு.

அன்று ராத்திரி முன்பைவிடச் சீக்கிரம் குளிர்ந்தது. ஆனாலும் பதினொரு மணி வரை 27-க்குக் கீழே இறங்கவில்லை, கம்ப்ரஸர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. நல்ல நிலையில் உள்ள ஏசி இப்படி ஓயாமல் ஓடினால் டன் போதவில்லை என்று அர்த்தம்.

அறை பன்னிரண்டுக்குப் பதினான்கு அடி, 168 சதுர அடி. நிழலான கீழ்த்தள அறைக்கு 120 சதுர அடி வரை ஒரு டன், 180 வரை ஒன்றரை என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். இதுவோ மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குச் சுவர் வேறு. திருச்சி மே மாத வெயிலில் நாள் முழுக்கச் சூடேறிய கான்கிரீட், ராத்திரி வரைக்கும் அந்தச் சூட்டை அறைக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அம்மா சொன்ன பன்னிரண்டு மணிக் கணக்கும் அதனோடு ஒத்துப்போகிறது. அப்படியானால் ரெண்டு டன் வேண்டுமோ? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாடியில் வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினால் வெப்பமே குறைந்துவிடும். இந்த அறைக்கு ஒன்றரை டன் இன்வெர்டர் போதும். வேண்டியதைவிடப் பெரிய சாதாரண ஏசி சட்டென்று குளிரூட்டி நின்றுவிடும், காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க நேரமிருக்காது, அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். இன்வெர்டர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் அதில் இந்தச் சிக்கல் குறைவு, ஆனால் தேவையில்லாத டன்னுக்குக் காசு போகும்.

ஸ்டார் விஷயத்தில் நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன் லேபிளில் உள்ள ஆண்டையும், இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்று காட்டும் ஐஎஸ்இஇஆர் எண்ணையும் பாருங்கள். 2022 ஜூலைக்கு முன் ஸ்பிளிட் ஏசிக்கு 4.50 இருந்தாலே ஐந்து ஸ்டார். அதற்குப் பின் 5.00 வேண்டியிருந்தது, பழைய ஐந்து அப்படியே நான்காகிவிட்டது. பழைய லேபிளோடு தள்ளுபடியில் விற்பதை இந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

லேபிளில் ஆண்டு மின்செலவும் இருக்கும், அது 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நாங்கள் பார்த்த ஒன்றரை டன்களில் மூன்று ஸ்டாரில் 980 யூனிட், ஐந்து ஸ்டாரில் 760 யூனிட் என்று போட்டிருந்தது. வித்தியாசம் 220. விலையில் ஐந்து ஸ்டார் 9,000 ரூபாய் அதிகம். அப்பா மத்தியானம் மூன்று மணி நேரம், ராத்திரி ஒன்பது மணி நேரம் என்று ஐந்து மாதம் போடுவார். ஏறக்குறைய 1,800 மணி நேரம், அதாவது 250 யூனிட் மிச்சம். கோடையில் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும், அதற்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கும் அதிகம். வருடத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் என்றால் நாலரை வருடத்தில் கூடுதல் விலை திரும்பிவிடும். வருடத்தில் ஒன்றிரண்டு மாதம் ராத்திரி மட்டும் போடுகிற அறைக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே மூன்று ஸ்டாரே சரி.

கடையில் ரெண்டு டன்னையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்பா இந்தக் கணக்கை எழுதிய தாளை எடுத்து வைத்ததும் ஒன்றரை டன் ஐந்து ஸ்டாருக்கு பில் போட்டுக் கொடுத்தார்கள். மாட்ட வந்தவரிடம் புது யூனிட்டின் இரண்டு ஸ்டிக்கரையும் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன்.