எச்சரிக்கை: 2,350 வெள்ளி கட்டிய கட்டுரையின் நூற்பட்டியலை மெய்ப்பில் குலைத்துவிட்டார்கள்

வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் சிங்கப்பூர்த் தமிழர்கள் என்னைப் போல் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நேற்று மாலைதான் அந்தப் பதிப்பகத்திடமிருந்து மூன்றாவது முறையாகக் கைவிரிப்புக் கடிதம் வந்தது. இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை. அது ஏராளமான இதழ்களை வெளியிடும் ஒரு பெரிய கல்விசார் பதிப்பகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் பணிபுரிபவள் அல்லள். சிங்கப்பூரின் தொடக்ககாலத் தமிழ் இதழ்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை நான்கு ஆண்டுகளாக, விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து எழுதினேன். கட்டுரை ஏற்கப்பட்டதும், எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி அதை வெளியிட 2,350 வெள்ளி கேட்டார்கள். பின்னால் நிற்க எனக்கு எந்த நிறுவனமும் இல்லாததால், மாலை நேரத் துணைப்பாட வகுப்பு எடுத்துச் சேர்த்த பணத்திலிருந்து 2,350 வெள்ளியையும் ஒரே தவணையில் கட்டினேன்.

பக்க மெய்ப்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்தில் திருப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. தயாரிப்பு ஆசிரியர் எழுதியிருந்த கனிவான மடலை அப்படியே நம்பியதுதான் நான் செய்த தவறு. "தங்கள் துணைநூற்பட்டியலை எங்கள் இதழின் நடைக்கேற்ப ஒழுங்குபடுத்தியிருக்கிறோம், உள்ளடக்கத்தில் கை வைக்கவில்லை, தாங்கள் மூன்று வினாக்களுக்கு மட்டும் விடையளித்தால் போதும்" என்பது அந்த மடலின் சாரம். மெய்ப்பு அவர்களுடைய இணையப் பக்கத்தில் திறந்தது. மூன்று வினாக்கள் மஞ்சள் நிறத்தில் இருந்தன, மற்ற வரிகள் எல்லாம் துடைத்து வைத்ததுபோல் தூய்மையாக இருந்தன. செப்பனிடும் கட்டத்தில் அவர்கள் செய்திருந்த மாற்றங்களில் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் அடையாளமிடப்படவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை மூன்று வினாக்களுக்கும் விடை எழுதி, ஒப்புதல் பொத்தானை அழுத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறொரு வேலைக்காக அந்தப் பட்டியலைத் திறந்தபோதுதான் ஒரு தேதி கண்ணில் பட்டது. தமிழ் முரசின் முதல் இதழைச் சுட்டும் வரி அது. நான் அனுப்பியதும் மெய்ப்பில் இருந்ததும் இவை:

```
Tamil Murasu. 1935. 6/7/1935, p. 1.
Tamil Murasu. 1935. June 7, 1.
```

தமிழ் முரசு 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி தொடங்கப்பட்டது. ஜூன் 7ஆம் தேதி அப்படியொரு பத்திரிகையே கிடையாது. பிறந்திராத ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தைப் பார்த்து எழுதியதாக என் பெயரில் அச்சாகவிருந்தது. கை நடுங்க மற்ற தேதிகளையும் எடுத்துப் பார்த்தேன். என் பட்டியலில் பதினொரு செய்தித்தாள் தேதிகள் இருந்தன. அவற்றில் நாளைக் குறிக்கும் எண் 12 அல்லது அதற்குக் குறைவாக இருந்த ஐந்திலும் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. எண் 13 அல்லது அதற்கு மேல் இருந்த ஆறும் சரியாகவே இருந்தன. ஒரு மனிதர் கவனக்குறைவாகத் தட்டச்சு செய்திருந்தால் பிழை இப்படி 12இல் வந்து நிற்காது. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கப்படி ஒரு மென்பொருள் எல்லாத் தேதிகளையும் ஓட்டிப் பார்த்திருக்கிறது, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் மட்டுமே மீதி ஆறு தேதிகள் தப்பித்திருக்கின்றன.

அதன் பிறகு, ஏற்கப்பட்ட கைப்படியை ஒரு பக்கமும் மெய்ப்பை மறுபக்கமும் அச்சிட்டு வைத்து, அடிக்கோலை நகர்த்தி நகர்த்தி அறுபத்து நான்கு பதிவுகளையும் ஒப்பிட்டேன். தேதிகளைவிட மோசமான ஒன்று அப்போதுதான் தெரிந்தது. 1887இல் மகதூம் சாயபு நடத்தத் தொடங்கிய சிங்கை நேசன் இதழிலிருந்து இரண்டு தலையங்கங்களை நான் எடுத்தாண்டிருந்தேன். இரண்டுக்கும் ஒரே ஆண்டு என்பதால், முதல் இதழில் வந்ததை 1887a என்றும் பின்னர் வந்ததை 1887b என்றும் குறித்திருந்தேன். மெய்ப்பில் இவ்விரண்டும் தலைப்பின் அகரவரிசைப்படி அடுக்கப்பட்டதால் பின்னர் வந்த தலையங்கம் மேலே ஏறி 1887a ஆகிவிட்டது. அகரவரிசை அவர்களுடைய நடை என்றால் அப்படியே வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் பட்டியலில் எழுத்தை மாற்றியவர்கள் கட்டுரைக்குள் ஒன்பது இடங்களில் இருந்த அதே குறிப்புகளை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். ஆகவே, "தன் முதல் இதழிலேயே இதழ் இவ்வாறு அறிவித்தது" என்று நான் எழுதிய இடத்தில் ஒரு வாசகர் பட்டியலுக்குச் சென்றால், பின்னாளைய தலையங்கத்தைக் காண்பார். என் கட்டுரையின் வாதமே எது முன்னர், எது பின்னர் என்பதில்தான் நிற்கிறது. இந்தப் பிழை எழுத்துப்பிழைபோல் கண்ணை உறுத்தாது. வரி வரியாகப் படித்தாலும் எல்லாம் சரியாகவே தோன்றும். பட்டியலையும் உள்ளே உள்ள குறிப்புகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பவருக்கு மட்டுமே அது அகப்படும்.

மூன்றாவதாகப் பெயர்கள். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையை நான் `Damodaram Pillai, C. W.` என்று அவரது பெயரின் கீழ் வைத்திருந்தேன். அவர்கள் அதை `Pillai, C. W. D.` என்று ஆக்கியிருந்தார்கள். பிள்ளை என்பது குடும்பப் பெயர் அன்று; தாமோதரம் என்பது சுருக்கி ஓர் எழுத்தாக்க வேண்டிய நடுப்பெயரும் அன்று, அதுவே அந்த மனிதரின் பெயர். கட்டுரைக்குள் தாமோதரம் பிள்ளை என்றே இருப்பதால், பட்டியலில் அவரைத் தேடுபவருக்கு அவர் கிடைக்கமாட்டார். மகதூம் சாயபுவும் இதேபோல் சாயபு என்ற பின்னொட்டின் கீழ்ப் போய்ச் சேர்ந்திருந்தார். நம் பெயர்களைத் தெரியாதது குற்றமில்லை. தெரியாமல் மாற்றிவிட்டு, மாற்றியதையும் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கெடு முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே தயாரிப்பு ஆசிரியருக்கு மடல் எழுதினேன். அதன் முக்கியப் பகுதியைத் தமிழில் தருகிறேன்:

"மதிப்பிற்குரிய தயாரிப்பு ஆசிரியர் அவர்களுக்கு, என் கட்டுரையின் மெய்ப்பில் துணைநூற்பட்டியலில் செய்யப்பட்டுள்ள மாற்றங்களைப் பற்றித் தங்களிடம் விளக்கம் கேட்க எழுதுகிறேன். நிறுத்தற்குறி, சாய்வெழுத்து, பதிவுகளின் வரிசை ஆகியவை இதழின் நடைக்கு உட்பட்டவை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஐந்து செய்தித்தாள் தேதிகளும் இரண்டு ஆசிரியர் பெயர்களும் நடை சார்ந்தவை அல்ல, அவை தகவல்கள். அவற்றை மூல ஏடுகளைப் பார்த்து நானே குறித்திருக்கிறேன். 1887a, 1887b ஆகியவற்றின் வரிசையை மாற்றுவதானால், உள்ளே உள்ள ஒன்பது குறிப்புகளையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையேல் பட்டியலைப் பழையபடி வைக்க வேண்டும். கைப்படியின் வரி, மெய்ப்பின் வரி, வேண்டிய திருத்தம் ஆகியவற்றை இணைப்பில் எதிரெதிரே கொடுத்துள்ளேன். இவை சரிசெய்யப்பட்ட பின் திருத்திய மெய்ப்பு ஒன்றை அனுப்பும்வரை கட்டுரையை வெளியிடாதிருக்க வேண்டுகிறேன்."

திங்கட்கிழமை வந்த பதில் இரண்டே வரி: மாற்றங்கள் யாவும் இதழின் நடைக்கேற்பச் செய்யப்பட்டவை, தங்கள் புரிதலுக்கு நன்றி. நான் அனுப்பிய இணைப்பை யாரும் திறந்து பார்த்ததற்கான அறிகுறியே அதில் இல்லை. ஜூன் 7 பற்றி ஒரு சொல் இல்லை. உடனே மறுபடியும் எழுதினேன். புதன்கிழமை கட்டுரை அத்தனை பிழைகளோடும் வெளிவந்தது. அன்று மாலை வேறொருவர் கையெழுத்திட்டு, சனிக்கிழமையே ஆசிரியர் ஒப்புதல் தந்துவிட்டதாலும் வெளியான வடிவமே இறுதி வடிவம் என்பதாலும் இனி எதையும் மாற்ற இயலாது என்று எழுதினார். அப்படியானால் நாற்பத்தெட்டு மணி நேரம் என்று எதற்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். நான் கட்டிய 2,350 வெள்ளியைத் திருப்பித் தருமாறும் கேட்டேன். கட்டணம் வெளியீட்டுக்கானது, வெளியீடு முடிந்துவிட்டது, எனவே திருப்பித் தர இடமில்லை என்பது நேற்று வந்த பதில்.

அதே பதிலில் பெருந்தன்மையுடன் தருவதுபோல் ஒன்றும் தந்திருக்கிறார்கள்: நான் விரும்பினால் ஒரு கோரிஜெண்டம் வெளியிடலாமாம். இந்தச் சொல்லைத் தெரியாதவர்கள் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்வார்கள். ஆய்விதழ் வழக்கில் திருத்த அறிவிப்பு இருவகை. பதிப்பகம் தயாரிப்பின்போது புகுத்திய பிழைக்கு வெளியிடப்படுவது எர்ராட்டம். ஆசிரியர் தாம் செய்த பிழையை ஒப்புக்கொண்டு வெளியிடுவது கோரிஜெண்டம். ஆக, என் கைப்படியில் சரியாக இருந்த தேதிகளை அவர்கள் மாற்றியிருக்க, நானே தவறாக எழுதினேன் என்று என் பெயரில் நிரந்தரமாக ஓர் அறிவிப்பு நிற்க வேண்டும் என்கிறார்கள். 2,350 வெள்ளியையும் கொடுத்து, பழியையும் நான் சுமக்க வேண்டுமாம். இன்று காலை, ஏற்கப்பட்ட கைப்படியை மீண்டும் இணைத்து, எர்ராட்டம் தவிர வேறெதற்கும் கையெழுத்திடமாட்டேன் என்று எழுதிவிட்டேன். இதழின் ஆசிரியர் குழுவுக்கும் அதன் படி போயிருக்கிறது. பதிப்பகத்தின் தயாரிப்புப் பிரிவு வேறு, கட்டுரையை மதிப்பிட்டு ஏற்ற அறிஞர்கள் வேறு, அவர்களுக்கு இது தெரியாமலே இருந்திருக்கலாம்.

விரிவாக ஆலோசனை எழுத எண்ணியிருந்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். தேதிகளை எண்களால் எழுதாதீர்கள், மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்; நான் அப்படி எழுதியிருந்தால் அந்த ஐந்தும் தப்பியிருக்கும். தமிழ்ப் பெயர்களை எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்று கைப்படியின் முதல் பக்கத்திலேயே ஒரு குறிப்பு வையுங்கள். மெய்ப்பு வந்தவுடன், செப்பனிட்ட மாற்றங்கள் தெரியும் கோப்பைக் கேளுங்கள். தர மறுத்தால் இரண்டையும் அச்சிட்டு நீங்களே ஒப்பிடுங்கள். a, b எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கட்டுரைக்குள் தேடிப் பாருங்கள். பட்டியலில் அவர்கள் சேர்த்த இணைப்புகளை அழுத்திப் பாருங்கள், நூலுக்குப் பதிலாக அந்நூலின் மதிப்புரைக்குச் செல்லும் இணைப்பும் வருவதுண்டு. எல்லாம் முடியும்வரை ஒப்புதல் பொத்தானைத் தொடாதீர்கள்.